QQQ, QLD, TQQQ: மூணுல எதை எவ்ளோ நாள் வச்சிருக்கலாம்?

போன வாரம் டாலஸ்ல இருக்கற மச்சான் போன் பண்ணான். போனஸ் வந்திருக்கு, கைல 30,000 டாலர் இருக்கு, அமெரிக்காவோட பெரிய கம்பெனிங்க இருக்கற நாஸ்டாக்-100 இண்டெக்ஸ் மேல தான் போடணும்னு முடிவு பண்ணிட்டான், ஆனா அத அப்படியே பின்தொடர்ற சாதா QQQ ஃபண்டு வாங்கறதா, அதோட ஏத்த இறக்கத்த ரெண்டு மடங்காக்கற QLD-யா, மூணு மடங்காக்கற TQQQ-வான்னு குழப்பம். "பத்து வருஷம் தொடவே மாட்டேன்டா, மார்க்கெட் எப்படியும் மேல தான போகும், அப்ப எனக்கு மூணு மடங்கு தான?"ன்னு கேட்டான். இந்த "மூணு மடங்கு தான" தான் பிரச்சனையே. ஒன்றரை மணி நேரம் பேசினதுல பாதி இத உடைக்கறதுக்கே போச்சு, அதான் எழுதி வச்சிடறேன், அடுத்த ஆள் கேட்டா லிங்க் அனுப்பிடலாம்.

நான் அவன்கிட்ட முதல்ல சொன்னது 2022, 2023 ரெண்டு வருஷ கதை. 2022-ல QQQ சுமார் 32.6% விழுந்துச்சு. 2023-ல சுமார் 55% ஏறுச்சு. ரெண்டையும் சேர்த்துப் பாத்தா 2021 கடைசில 10,000 டாலர் போட்டவன் கைல 2023 கடைசில கிட்டத்தட்ட 10,440. பெருசா ஒன்னும் இல்ல, ஆனா நஷ்டம் இல்ல. அதே 10,000-த்த TQQQ-ல போட்டவனுக்கு 2022-ல 79% போச்சு, 2023-ல 198% வந்துச்சு. 198% ஏறிச்சேன்னு சந்தோஷப்பட வேணாம், கைல இருந்தது 2,100 தான, அது மூணு மடங்கானாலும் 6,230 கிட்ட தான் வரும். இண்டெக்ஸ் 4% மேல, மூணு மடங்கு ஃபண்டு 38% கீழ. QLD-ல போட்டிருந்தா 8,570 கிட்ட, அதாவது 14% கீழ.

"அப்ப ஏமாத்துறாங்களா?"ன்னான். இல்லடா, ஃபண்டு சொன்னத சொன்னபடி செஞ்சிருக்கு. அவங்க எழுதிருக்கறது "ஒரு நாளைக்கு மூணு மடங்கு". அந்த "ஒரு நாளைக்கு"ங்கற வார்த்தைய தான் நாம கண்ணுல வாங்காம விட்டுடறோம்.

உள்ள என்ன நடக்குதுன்னு ஒரே ஒரு தடவை பொறுமையா பாத்துட்டா அப்பறம் வாழ்க்கைல மறக்காது. ஃபண்டுல 100 டாலர் இருக்குன்னு வைங்க. மூணு மடங்கு வேணும்னா 300 டாலர் அளவுக்கு நாஸ்டாக் பொசிஷன் வச்சிருக்கணும், இத பெரும்பாலும் பேங்குகளோட ஸ்வாப் கான்ட்ராக்ட், அதாவது இண்டெக்ஸோட லாப நஷ்டத்த கைமாத்திக்கற ஒப்பந்தம் போட்டு வச்சிருப்பாங்க. இன்னைக்கு இண்டெக்ஸ் 5% ஏறுது. 300 இப்ப 315, ஃபண்டு மதிப்பு 115. ஆனா நாளைக்கும் மூணு மடங்கு தரணும்ல, 115-க்கு மூணு மடங்கு 345. கைல 315 தான் இருக்கு, அதனால சாயங்காலம் மார்க்கெட் மூடறதுக்குள்ள இன்னும் 30 டாலருக்கு வாங்கியே ஆகணும். அதுவும் ஏறின விலைல. மறுநாள் இண்டெக்ஸ் 4.76% விழுந்து சரியா ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துடுது. 345-ல 16.43 போச்சு, ஃபண்டு மதிப்பு 98.57. இப்ப வேண்டிய பொசிஷன் 295.71, கைல இருக்கறது 328.57, அப்ப 32.86 டாலருக்கு விக்கணும். விழுந்த விலைல.

ஏறினப்பறம் வாங்கு, விழுந்தப்பறம் வித்துடு. இத தினமும் தவறாம செய்யறது தான் டெய்லி ரீசெட். இண்டெக்ஸ் போன எடத்துக்கே திரும்பி வந்தாலும் ஃபண்டுல 1.43% காணோம். ரெண்டு மடங்கு ஃபண்டா இருந்தா 0.48% தான் காணாம போயிருக்கும், அதாவது மூணுல ஒரு பங்கு. லெவரேஜ், அதாவது இந்த மடங்கு, ரெண்டுலேர்ந்து மூணுக்கு போனா சேதம் ஒன்றரை மடங்கு ஆகல, மூணு மடங்கு ஆகுது. மச்சானுக்கு இந்த எடத்துல தான் லேசா குரல் இறங்குச்சு.

இதுக்கு பேரு வாலடிலிட்டி டிராக். எனக்கென்னவோ நம்ம நகைக்கடை வார்த்தை தான் இதுக்கு சரியா பொருந்துதுன்னு தோணுது, சேதாரம். ஆனா ஒரு வித்தியாசம், கடைல சேதாரம் இத்தனை சதவீதம்னு பில்லு போடும்போதே தெரியும், இங்க மார்க்கெட் எவ்ளோ ஆடுச்சோ அதுக்கு ஏத்த மாதிரி பின்னாடி தான் பில்லு வரும்.

அதே நேரம் ரீசெட்ட வெறும் வில்லனா பாக்கறதும் தப்பு. இண்டெக்ஸ் ஒரே திசைல போனா அதே ரீசெட் நமக்கு சாதகம். மூணு நாள் தொடர்ந்து 5% ஏறினா இண்டெக்ஸ் 15.8% மேல, அதுக்கு மூணு மடங்குன்னா 47% தான், ஆனா ஃபண்டு 52% தரும், ஏன்னா தினமும் லாபத்துக்கு மேல பொசிஷன கூட்டிட்டே போகுது. மூணு நாள் தொடர்ந்து 5% விழுந்தாலும் 43% போகாது, 38.6% தான் போகும், ஏன்னா தினமும் பொசிஷன கொறச்சுட்டே வருது. ஆக நேர்கோட்டுல போனா ரீசெட் நண்பன், குறுக்கும் நெடுக்கும் ஆடினா எதிரி. மார்க்கெட் எங்க போய் சேந்துச்சுங்கறது மட்டும் இல்ல, எந்த வழில போச்சுங்கறதும் இங்க கணக்கு.

இப்ப ஆட்டத்தோட அளவு. ஒரு நாள் 1% மேல, மறுநாள் அதே அளவு கீழ, இப்படியே ஒரு வருஷம் முழுக்க ஆடி இண்டெக்ஸ் அங்கயே நிக்குதுன்னா மூணு மடங்கு ஃபண்டு 7% கிட்ட இழக்கும். தினசரி ஆட்டம் 2% ஆனா? 14% இல்ல. 25.7%. ஆட்டம் ரெண்டு மடங்கானா சேதாரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு, ஏன்னா கணக்குல ஆட்டத்தோட வர்க்கம் வருது. "எத்தன நாள் வச்சிருக்கலாம்"ங்கற கேள்விக்கு நேரா பதில் சொல்ல முடியாதது இதனால தான், அமைதியான ஆறு மாசத்த விட பேய் பிடிச்ச ஒரு மாசம் அதிகமா தின்னுடும்.

ஃபார்முலா வேணுங்கறவங்களுக்கு, R-னா இண்டெக்ஸோட மொத்த ரிட்டர்ன், σ-னா வருஷ வாலடிலிட்டி, அதாவது ஆட்டத்தோட வருஷ அளவு, T-னா வருஷக் கணக்குல காலம்:

```
3x ≈ (1+R)^3 × exp(-3·σ²·T)
2x ≈ (1+R)^2 × exp(-1·σ²·T)
```

இதுக்கு மேல கடன் வட்டியும் ஃபீஸும் தனி. மூணு மடங்குன்னா நம்ம ஒரு பங்கு காசு, ரெண்டு பங்கு கடன் மாதிரி, அந்த ரெண்டு பங்குக்கு ஷார்ட் டெர்ம் வட்டி ஸ்வாப்புக்குள்ளயே கழிஞ்சுடும், ஸ்டேட்மென்ட்ல தனி வரியா வராது, அதனால யாரும் கவனிக்கறதே இல்ல. 2023-ல வட்டி 5% இருந்தப்ப TQQQ வருஷத்துக்கு 10% கிட்ட வட்டியாவே கட்டிட்டு இருந்துச்சு, எல்லாரும் புலம்பற ஒரு சதவீதத்துக்கும் கொறவான எக்ஸ்பென்ஸ் ரேஷியோ, அதாவது ஃபண்டோட வருஷ ஃபீஸ், இதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல.

ஃபார்முலா உண்மையா வேலை செய்யுதான்னு அந்த ரெண்டு வருஷத்துக்கே போட்டுப் பாத்தேன். நாஸ்டாக்-100 ஆட்டம் 2022-ல 32% வாக்குல, 2023-ல 18% வாக்குல. இண்டெக்ஸ் மொத்தமா 1.044 மடங்கு, அதோட மூணாவது அடுக்கு 1.138, அதாவது ஆட்டமே இல்லாம நேரா போயிருந்தா 10,000 டாலர் 11,380 ஆகிருக்கும். ஆட்டத்துக்கான சேதாரத்த கழிச்சா 7,600. வட்டி, ஃபீஸ் கழிச்சா 6,480. நிஜத்துல வந்தது 6,230 கிட்ட. தோராய ஃபார்முலாவுக்கு இது போதும். காணாம போன காசு எங்க போச்சுன்னு இப்ப தெரியுதுல்ல, பெரும்பங்கு ஆட்டத்துல, மிச்சம் வட்டில.

சரி, இப்ப வச்சிருக்கற காலம். முன்னாடி நோக்கி இத பயன்படுத்தணும்னா நமக்கு σ வேணும். VXN-னு ஒரு இண்டெக்ஸ் இருக்கு, நாஸ்டாக்-100-க்கு VIX மாதிரி, ஆப்ஷன் விலைலேர்ந்து அடுத்த ஒரு மாசம் எவ்ளோ ஆடும்னு மார்க்கெட் நினைக்குதுன்னு காட்டும். அத 16-ஆல வகுத்தா ஒரு நாள் ஆட்டம். VXN 20-ன்னா ஒரு நாளைக்கு ஒன்னேகால் சதவீதம். அந்த நிலைமைல TQQQ சேதாரம் ஒரு வாரத்துக்கு 0.2% சொச்சம், மாசத்துக்கு 1%, வருஷத்துக்கு 11%. ஒரு வாரம் பத்து நாள் வச்சிருக்கறவனுக்கு இந்த சேதாரம் ஒரு பொருட்டே இல்லங்க, அவனுக்கு லாபமோ நஷ்டமோ திசைல தான் இருக்கு, ஒரே நாள் காலைல ஓபனிங்லயே அந்த வருஷ சேதாரத்தோட பாதி போயிடலாம். ஆட்டம் 32% ஆனா மாசத்துக்கு 2.5%, வருஷத்துக்கு 26%. 2020 மார்ச் மாதிரி 60%-க்கு மேல போய் அது ரெண்டு மாசம் நீடிச்சா அந்த ரெண்டு மாசத்துலயே 16%.

அமெரிக்க புரோக்கர்கள ஒழுங்குபடுத்தற FINRA 2009-லயே ஒரு நோட்டீஸ் விட்டுச்சு, தினமும் ரீசெட் ஆகற இந்த ஃபண்டுகள் ஒரு நாளைக்கு மேல வச்சிருக்க நினைக்கற சாதாரண முதலீட்டாளருக்கு பொதுவா பொருந்தாதுன்னு. அது ரொம்ப ஓவர்னு தான் நான் நினைக்கறேன், ரெண்டாவது நாள் காலைல ஒன்னும் பால் திரிஞ்சு போறதில்ல. ஆனா "பத்து வருஷம் தொட மாட்டேன்"ங்கறதும் அதே மாதிரி யோசிக்காம சொல்ற பேச்சு தான்.

மச்சானுக்கு உறைச்சது அடுத்த கணக்கு. ஒரு வருஷம் வச்சிருக்கப் போற, ஆட்டம் 20%, வட்டி 4%. TQQQ-ல நஷ்டம் இல்லாம தப்பிக்கவே இண்டெக்ஸ் 7% சொச்சம் ஏறணும். சும்மா QQQ வாங்கினவனோட சமமா நிக்க 11% ஏறணும். 11%-க்கு மேல போற ஒவ்வொரு சதவீதத்துக்கும் தான் நீ ரிஸ்க் எடுத்ததுக்கு கூலி. ஆட்டம் 30% ஆனா அந்த 11% கிட்டத்தட்ட 20% ஆயிடுது. QLD-க்கு QQQ-வோட சமமா வர இதே ரெண்டு நிலைமைலயும் 9%, 15%. அதாவது வேலிய தாண்ட வேண்டிய உயரம் ரெண்டு மடங்குலேர்ந்து மூணு மடங்குக்கு போகும்போது, ஆட்டம் அதிகமா இருந்தா, நல்லாவே ஏறுது. நாஸ்டாக் ஒரு வருஷம் 8% ஏறுச்சுன்னா ஊர்ல எல்லாரும் நல்ல வருஷம்னு தான் சொல்லுவாங்க, அந்த நல்ல வருஷத்துல QLD காரனும் TQQQ காரனும் QQQ காரனுக்கு பின்னாடி நிப்பாங்க.

"ஆனா 2010-ல TQQQ ஆரம்பிச்சப்ப வாங்கினவன் எல்லாம் கோடீஸ்வரன்டா"ன்னு அடுத்த அம்பு. வாஸ்தவம். 2010 பிப்ரவரிலேர்ந்து 2021 கடைசி வரைக்கும் அது நூறு மடங்குக்கு மேல போச்சு. சேதாரம் இல்லாமலா போச்சு? சேதாரம் வருஷா வருஷம் போயிட்டு தான் இருந்துச்சு, ஆனா இண்டெக்ஸ் அந்த வேலிய விட ரொம்ப உயரமா தாண்டிட்டே இருந்துச்சு, அதோட வட்டி பெரும்பாலும் பூஜ்யம் கிட்ட, கடன் கிட்டத்தட்ட இனாம். அந்த ஃபண்டு 2000-த்துல இல்லங்கறதுனால அதோட சார்ட்ல அந்தக் காலம் தெரியாது. அப்ப நாஸ்டாக்-100 உச்சத்துலேர்ந்து 2002 வரைக்கும் 83% கிட்ட விழுந்துச்சு. ஃபார்முலால போடுங்க, 0.17-ஓட மூணாவது அடுக்கே 0.005, ஆட்டம் 50%-ன்னு வச்சு ரெண்டரை வருஷ சேதாரமும் சேத்தா 30,000 டாலர்ல மிஞ்சறது 25 டாலர் மாதிரி. அதுலேர்ந்து திரும்பி வர ஆயிரம் மடங்குக்கு மேல ஏறணும். சார்ட்ட பாத்து முடிவு எடுக்கறவங்க அது எந்த வருஷத்துல தொடங்குதுன்னு கொஞ்சம் பாத்துக்கங்க.

ரீசெட் தான் பிரச்சனைன்னா ரீசெட் இல்லாத லெவரேஜ் எடுக்கலாமேன்னு ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. மார்ஜின் லோன், அதாவது புரோக்கர்கிட்டயே கடன் வாங்கி பங்கு வாங்கறது. சொந்தம் 10,000, கடன் 10,000, 20,000-க்கு QQQ வாங்கி அப்படியே விட்டுட்டா தினமும் வாங்கி விக்கற கூத்து இல்ல. அந்த ரெண்டு வருஷத்துல 20,000 போய் 20,880 ஆகும், வட்டி வருஷத்துக்கு 6%-ன்னு வச்சாலும் கடைசில 9,640 நிக்கும், QLD-யோட 8,570-க்கு இது மேல். கேக்க நல்லாருக்கு. ஆனா வழில ஒரு மேடு இருக்கு. கணக்குல சொந்தக் காசு 30%-க்கு கீழ போகக்கூடாதுன்னு நிறைய புரோக்கர் வச்சிருப்பாங்க, அப்படின்னா QQQ 28.6% விழுந்த உடனே மார்ஜின் கால், காசு போடு இல்லன்னா வித்துடுவோம்னு. சட்டப்படி கொறஞ்ச அளவான 25%-ஏ வச்சிருந்தாலும் 33% விழும்போது. 2022-ல QQQ உச்சத்துலேர்ந்து 35% கிட்ட விழுந்துச்சு. அதாவது அந்த நேரத்துல வெளிலேர்ந்து காசு கொண்டுவந்து கொட்ட முடியாதவன் அடிமட்ட விலைல வித்துட்டு வெளிய வந்திருப்பான், 2023-ஓட ஏத்தத்த வேடிக்கை தான் பாத்திருப்பான். ரீசெட் ஃபண்டு உன்ன மெதுவா தேய்க்கும், ஆனா கடன்காரன் வாசல்ல வந்து நிக்க மாட்டான். மார்ஜின் தேய்க்காது, ஆனா ஒரு நாள் வந்து நிப்பான். ரெண்டுல எது மேல்னா, வெளிய காசு இருக்கறவனுக்கு மார்ஜின், இல்லாதவனுக்கு ரெண்டுமே வேணாம்.

இன்னொரு வழி சில பேர் சொல்றது, மூணுல ஒரு பங்கு TQQQ, மிச்சம் அமெரிக்க அரசோட குறுகிய கால கடன் பத்திரமான ட்ரஷரி பில்லுல, ஆரம்பத்துல QQQ வாங்கின அளவு தான் எக்ஸ்போஷர், காசு மட்டும் பாதுகாப்பா இருக்கும்னு. 10,000-த்துக்கு போட்டுப் பாத்தேன். 3,333 டாலர் TQQQ ரெண்டு வருஷத்துல 2,080 ஆச்சு, 6,667 பில்லுல வட்டியோட 7,100 ஆச்சு, மொத்தம் 9,180. QQQ-ல சும்மா இருந்தா 10,440. வழில ரொம்ப கீழ போகாம காப்பாத்துச்சுங்கறது உண்மை, 2022 கடைசில 25% தான் நஷ்டம் காட்டிருக்கும். இதுல ஒரு வேடிக்கை, 2022 கடைசி நாள் அன்னைக்கு மறுபடி மூணுல ஒரு பங்குன்னு சரி பண்ணிருந்தா மொத்தம் 12,600-க்கு மேல போயிருக்கும். இத காட்டி தான் சில பேர் விக்கறாங்க. ஆனா அந்த டிசம்பர் கடைசி தான் கிட்டத்தட்ட அடிமட்டம், காலண்டர் ராசி. அதே வேலைய 2000 டிசம்பர்ல பண்ணிருந்தா பில்லுல இருந்த காசையும் எடுத்து எரியற வீட்டுக்குள்ள போட்ட மாதிரி.

ஒரே பங்கு மேல வர்ற ரெண்டு மடங்கு ஃபண்டுகள், டெஸ்லாவுக்கு TSLL மாதிரி, அத பத்தியும் கேட்டான். ஒரே வரில முடிச்சிட்டேன், ஆட்டம் 60% இருந்தா வர்க்கம் 0.36, ரெண்டு மடங்குக்கே வருஷ சேதாரம் 30%, அங்க வருஷக் கணக்கே பேசாத.

கடைசியா என் பங்குக்கு நான் சொன்னது. ஒரு வாரம் ரெண்டு வாரம், திசை பத்தி உறுதியா ஒரு எண்ணம் இருக்கு, வெளிய வர்ற தேதியும் விலையும் முன்னாடியே எழுதி வச்சிருக்கன்னா TQQQ எடு, சேதாரத்த பத்தி கவலைப்படாத, சின்னதா எடு. சில மாசம்னா VXN பாரு, 20-க்கு கீழன்னா QLD யோசிக்கலாம், 30-க்கு மேல போச்சுன்னா ரெண்டையும் வித்துட்டு QQQ-க்கு வந்துடு, ஏன்னா அந்த நேரத்துல தான் பெரிய பெரிய ஆட்டம் ரெண்டு பக்கமும் வரும். அதுலயும் ஓட்டை இருக்குன்னு சொல்லிட்டேன், விழுந்தப்பறம் தான் VXN ஏறும், திரும்பி வர்ற முதல் பெரிய ஏத்தத்த விட்டுடுவ. வருஷக் கணக்குன்னா QQQ, கொஞ்சம் அரிப்பு இருந்தா பத்துல ஒரு பங்கு QLD, மூணு மடங்கு வேணாம்.

எல்லாத்தையும் கேட்டுட்டு 27,000 QQQ, 3,000 QLD-ன்னு ஆர்டர் போட்டான். நேத்து மெசேஜ் வந்துச்சு, "QLD மட்டும் 200 டாலர் மேலடா, அந்த 27-ஐயும் இதுலயே போட்டிருக்கலாமோ?"